செங்காந்தளும் வயிற்றுப்போக்கும்: ஒரு மாத்திரையின் அளவு மாறிய கதை

செங்காந்தள் என்றால் எல்லோருக்கும் தெரியும். தமிழ்நாட்டின் மாநில மலர். நெருப்பு பற்றி எரிவது போல சிவப்பும் மஞ்சளுமாய் இதழ்களை மேலே தூக்கிக்கொண்டு வேலியோரம் படர்ந்து கிடக்கும் கொடி. இதே கொடிக்கு கிராமத்தில் வேறு பெயர்: கண்வலிப் பூ. அதன் கிழங்குக்கு கண்வலிக் கிழங்கு, கலப்பைக் கிழங்கு என்று பெயர்கள் (கலப்பை மாதிரியே வளைந்திருக்கும்). ஆடு மாடு கூட அதன் பக்கம் போகாது. விஷம். ஆனால் அந்த விஷத்துக்குள் இருக்கும் ஒரு பொருளைத்தான் உலகம் முழுக்க மருந்துக் கம்பெனிகள் காசு கொடுத்து வாங்குகின்றன. அதன் பெயர் கோல்ச்சிசின். கவுட் என்கிற மூட்டுவலிக்கு இன்றைக்கும் முதல் வரிசையில் கொடுக்கப்படும் மருந்து அதுதான்.

இந்த மருந்தின் வரலாற்றில் வேடிக்கையான விஷயம் ஒன்று உண்டு. மருந்து என்ன என்பது சுமார் 1,400 வருடங்களாகத் தெரியும். அதை எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதோ 2010-ல்தான் ஒழுங்காகத் தெரிந்தது. அதுவரை டாக்டர்கள் கடைப்பிடித்த விதி, இன்று கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது: "வலி போகும் வரை, அல்லது வயிற்றுப்போக்கு ஆரம்பிக்கும் வரை, மணிக்கொரு மாத்திரை." அதாவது பேதி வருவதுதான் நிறுத்தவேண்டிய இடம், அதுவரை போய்க்கொண்டே இருக்கலாம்!

முதலில் கவுட் என்பது என்ன என்று பார்த்துவிடலாம். நம் ஊர்களில் "யூரிக் ஆசிட் இருக்கு" என்று சொல்வார்கள். உண்மையில் யூரிக் அமிலம் எல்லோர் ரத்தத்திலும் இருக்கிறது. சிலருக்கு அது அதிகமாகி, கரைய இடமில்லாமல், மூட்டுக்குள் ஊசி ஊசியாய் படிகமாக உறைந்துவிடும். உப்பளத்தில் தண்ணீர் சுண்டச் சுண்ட உப்பு உறைகிற மாதிரிதான். உடம்பில் குளிர்ச்சியான, தூரமான இடம் கால் என்பதால் பெரும்பாலும் கால் கட்டைவிரலின் அடிமூட்டில்தான் முதலில் வரும். படிகம் வருடக்கணக்கில் சும்மா கிடக்கும். ஒருநாள் ராத்திரி, காரணம் தெரிந்தோ தெரியாமலோ, வெள்ளை அணுக்கள் அந்த ஊசிகளைக் கிருமி என்று நினைத்து விழுங்கப் போகின்றன. அங்கே ஆரம்பிக்கிறது கலவரம். விழுங்கிய அணு அபாயச் செய்தி அனுப்பும், அதைக் கேட்டு இன்னும் ஆயிரம் அணுக்கள் ஓடிவரும், அவையும் விழுங்கும், அவையும் செய்தி அனுப்பும். விடிவதற்குள் கட்டைவிரல் தக்காளி மாதிரி சிவந்து, மேலே போர்வை பட்டால் கூட உயிர் போகும்.

இந்த "இன்னும் ஆயிரம் பேர் ஓடிவருவது" என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மருந்தை எப்போது எடுப்பது என்ற கேள்விக்கான விடை அதில்தான் இருக்கிறது.

கோல்ச்சிசின் என்ற பெயர் கோல்கிஸ் என்ற ஊரிலிருந்து வந்தது. கருங்கடலின் கிழக்குக் கரை, இன்றைய ஜார்ஜியா. கிரேக்கக் கதைகளில் விஷம் காய்ச்சுவதில் பேர்போன மெடியா அந்த ஊர்க்காரி. அங்கே விளையும் ஒரு பூண்டு போன்ற செடிக்குக் கோல்ச்சிக்கம் என்று பெயர். கிரேக்க வைத்தியர்கள் அதை விஷம் என்றுதான் எழுதி வைத்தார்கள். 6ஆம் நூற்றாண்டில் ட்ரால்லெஸ் நகரத்து அலெக்சாண்டர் என்ற வைத்தியர்தான் அந்த வகைக் கிழங்கை கவுட்டுக்குக் கொடுத்ததைப் பற்றி எழுதியவர். வலி சீக்கிரம் நிற்கிறது, கூடவே வயிறு போகிறது என்று இரண்டையும் அவர் கவனித்திருந்தார். பிறகு அரபு மருத்துவம் அதை எடுத்துக்கொண்டது. யுனானி வைத்தியத்தில் அதற்கு சூரஞ்சான் என்று பெயர். காஷ்மீர்ப் பக்கம் விளையும் கசப்புச் சூரஞ்சான் இந்தியாவில் இன்றும் யுனானி மருந்துகளில் சேர்கிறது.

அந்தக் காலத்து மருத்துவத்தில் நோய் என்றால் உடம்பில் கெட்ட நீர் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். கெட்ட நீரை வெளியே தள்ள வேண்டும். எனவே கவுட்டுக்கு ஒரு கிழங்கைக் கொடுத்து, வலியும் நின்று வயிறும் போனால் என்ன நினைப்பார்கள்? வயிறு போனதால்தான் வலி நின்றது என்று நினைப்பார்கள். இரண்டும் ஒரே மருந்தின் இரண்டு வேலைகள், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை என்று யாருக்கும் தோன்றவில்லை. இந்த ஒரு தப்புக் கணக்கு பல நூறு வருடம் ஓடியது. ஓடியதோடு இல்லாமல், எதிர்த்தவர்களும் அதே கணக்கைத்தான் போட்டார்கள் என்பதுதான் கூத்து.

இங்கிலாந்தில் தாமஸ் சைடன்ஹாம் என்று பெரிய டாக்டர் ஒருவர். அவருக்கே கவுட். 1683-ல் அதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நடுராத்திரியில் வலி வந்து எழுப்புவதை அவர் வர்ணித்ததை இன்றும் பாடப்புத்தகங்கள் எடுத்துப் போடுகின்றன. ஆனால் பேதி மருந்து எதுவும் கவுட்டுக்கு ஆகாது என்பது அவர் கட்சி. அவர் சொன்னால் வேதவாக்கு. ஏற்கெனவே பயந்து பயந்து பயன்படுத்தி வந்த கோல்ச்சிக்கத்தை ஐரோப்பிய டாக்டர்கள் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஓரங்கட்டி வைத்தார்கள். வயிற்றைக் கெடுக்காத அளவுக்குக் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்ப்போமே என்று அப்போது ஒருவராவது தொடர்ந்து முயன்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை.

1763-ல் வியன்னாவில் அன்டன் ஃபான் ஷ்டோர்க் என்பவர் கோல்ச்சிக்கத்தை மறுபடி தூசி தட்டி எடுத்தார், நீர்க்கோவை வியாதிக்காக. அதற்குச் சில வருடம் கழித்து பிரான்சில் ஹுஸோன் என்ற ராணுவ அதிகாரி ஒரு ரகசிய மருந்தை விற்க ஆரம்பித்தார். பெயரே "மருந்துத் தண்ணீர்" என்ற அர்த்தத்தில்தான் இருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லவே மாட்டார். கவுட்டுக்குக் கைகண்ட மருந்து என்று பெயர் பரவி, இங்கிலாந்து வரை போனது. கேப்டன் குக்கோடு உலகம் சுற்றிய ஜோசப் பேங்க்ஸ், ராயல் சொசைட்டியின் தலைவர், அவரும் கவுட் நோயாளி. அவரே அதை வாங்கிக் குடித்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியில் 1814-ல் ஜான் வான்ட் என்ற லண்டன் மருத்துவர் குட்டை உடைத்தார்: உள்ளே இருப்பது பழைய கோல்ச்சிக்கம்தான் என்றார். ரகசிய மருந்து வியாபாரத்தின் லாபம் எங்கே இருக்கிறது என்பதற்கு இது ஒரு நல்ல பாடம். ஆனால் அது வேறு கட்டுரை.

1820-ல் பாரிஸில் பெல்லத்தியே, கவந்து என்ற இரட்டையர் (கொய்னாவைப் பிரித்தெடுத்த அதே ஜோடி) கோல்ச்சிக்கத்தின் சாரத்தைப் பிரித்தார்கள். 1833-ல் ஜெர்மனியில் கைகர் அதற்குக் கோல்ச்சிசின் என்று பெயர் வைத்தார். 1884-ல் பிரான்சில் ஹூதே அதைச் சுத்தமான படிகமாக எடுத்து, ஒரு மில்லிகிராம் உருண்டைகளாக விற்பனைக்குக் கொண்டுவந்தார். கிழங்கு மாத்திரையாக மாறிவிட்டது. இனிமேல் எவ்வளவு கொடுக்கிறோம் என்று எண்ணிக் கொடுக்கலாம். எண்ணினார்களா? எண்ணவில்லை.

இந்த நேரத்தில் நம் பக்கத்தில் என்ன நடந்தது என்றும் பார்க்க வேண்டும். செங்காந்தளும் கோல்ச்சிக்கமும் தூரத்துச் சொந்தம்; தாவரவியலில் ஒரே குடும்பம். ஆனால் அது அப்போது யாருக்கும் முக்கியமாகப் படவில்லை. சென்னை திருவல்லிக்கேணி மருந்தகத்தில் பணிசெய்த மூதீன் ஷெரீப், நாட்டு மருந்துகளை ஆங்கில மருந்து நூல்களுக்குள் கொண்டுவரப் பாடுபட்டவர். கலப்பைக் கிழங்கு கொடிய விஷம் என்று எல்லோரும் சொன்னதை அவர் அப்படியே நம்பவில்லை. தானே சாப்பிட்டுப் பார்த்தார். 12 கிரெயின் வரை கொடுத்தால் ஊரார் சொல்கிற அளவுக்கு விஷமில்லை, உடம்புக்கு வலுவூட்டும் மருந்து போலத்தான் இருக்கிறது என்று எழுதினார்.

தைரியமான மனிதர்தான். ஒரு கிரெயின் என்றால் சுமார் 65 மில்லிகிராம். 12 கிரெயின் என்றால் முக்கால் கிராமுக்குச் சற்று மேல். காய்ந்த கிழங்கில் ஆயிரத்தில் ஒன்றிலிருந்து மூன்று பங்கு வரை கோல்ச்சிசின் இருக்கும் என்று வைத்தால், அவர் விழுங்கியதில் இருந்த மருந்து ஒன்று முதல் இரண்டு மில்லிகிராம் சொச்சம். ஏறக்குறைய இன்றைய கவுட் மாத்திரை அளவு! கிழங்கு விஷமில்லை என்பதல்ல இதற்கு அர்த்தம். அவர் எடுத்த அளவு சிறியது, அதனால் பிழைத்தார். ஒரு கிழங்கில் ஒரு பங்கும் பக்கத்துக் கிழங்கில் மூன்று பங்கும் இருக்கிறபோது, கண்ணால் பார்த்து எது எதுவென்று யாராலும் சொல்ல முடியாது. சர்க்கரைவள்ளியோ வேறு கிழங்கோ என்று நினைத்துத் தெரியாமல் சமைத்துச் சாப்பிட்டு இறந்தவர்கள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் உண்டு. எனவே இந்தக் கணக்கைப் படித்துவிட்டு யாரும் வேலியோரம் போய்த் தோண்ட வேண்டாம்.

கல்கத்தாவில் வார்டன் என்ற வேதியியல் பேராசிரியர் இதே கிழங்கிலிருந்து ஒரு கசப்புப் பொருளை எடுத்து, செடியின் பெயரையொட்டி சூப்பர்பின் என்று புதுப்பெயர் வைத்தார். அதன் பிறகு 1915-ல்தான் இங்கிலாந்தில் மூன்று வேதியியலாளர்கள் செங்காந்தள் கிழங்கைப் பிரித்து ஆராய்ந்து, இதில் இருப்பதும் கோல்ச்சிசின்தான் என்று காட்டினார்கள். தமிழ்நாட்டு வேலியில் படர்ந்த கொடிக்கும் கருங்கடல் பூண்டுக்கும் உறவு நிரூபணமானது அப்போதுதான்.

சரி, மாத்திரைக்கு வருவோம். 20ஆம் நூற்றாண்டு முழுக்க மருத்துவப் புத்தகங்கள் சொன்னது ஏறக்குறைய ஒன்றேதான். முதலில் ஒரு மில்லிகிராம், பிறகு மணிக்கொரு தடவையோ இரண்டு மணிக்கொரு தடவையோ அரை மில்லிகிராம், வலி போகும் வரை அல்லது குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு வரும் வரை. கெட்ட நீர்க் கொள்கையெல்லாம் எப்போதோ செத்துவிட்டது. ஆனால் அது விட்டுப்போன விதி மட்டும் சாகவில்லை. யாரும் அதைச் சோதித்துப் பார்க்கவும் இல்லை. பழைய மருந்து, எல்லோருக்கும் தெரிந்தது, இதற்கென்ன சோதனை என்று விட்டுவிட்டார்கள்.

முதன்முதலில் சோதித்தது 1987-ல், ஆஸ்திரேலியாவில். 43 கவுட் நோயாளிகள். பாதிப் பேருக்குக் கோல்ச்சிசின், மீதிப் பேருக்குப் பார்க்க அதே மாதிரி இருக்கும் வெறும் மாத்திரை. கோல்ச்சிசின் எடுத்தவர்களுக்குப் பழைய விதிப்படியே, ஒரு மில்லிகிராமில் ஆரம்பித்து இரண்டு மணிக்கொரு அரை. முடிவு என்ன? 48 மணி நேரத்தில் கோல்ச்சிசின் எடுத்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு வலி நன்றாகக் குறைந்தது. வெறும் மாத்திரை எடுத்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு. ஆக மருந்து வேலை செய்கிறது. ஆனால் மருந்து எடுத்தவர்களில் வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்தது எத்தனை பேருக்குத் தெரியுமா? அத்தனை பேருக்கும். ஒருவர் மிச்சமில்லை. அவர்கள் சராசரியாக எடுத்தது 6.7 மில்லிகிராம், அதாவது அரை மில்லிகிராம் மாத்திரையில் 13. அதிலும் பெரும்பாலானவர்களுக்கு வலி பாதியாகக் குறைவதற்கு முன்னாலேயே வயிறு போக ஆரம்பித்துவிட்டது. கால் கட்டைவிரலைத் தரையில் வைக்க முடியாதவர் மணிக்கு நாலு தடவை கழிப்பறைக்கு ஓடுவதை நினைத்துப் பார்த்தால், இந்த வைத்தியத்தின் லட்சணம் புரியும்.

ஏன் வயிறு? கோல்ச்சிசின் என்ன செய்கிறது என்றால், நம் உயிரணுக்களுக்குள் இருக்கும் டியூபுலின் என்ற புரதத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. இந்த டியூபுலின் கோத்துக் கோத்துத்தான் அணுவுக்குள் தண்டவாளம் மாதிரி நுண்குழாய்கள் போடப்படுகின்றன. வெள்ளை அணு மூட்டை நோக்கி ஓட அந்தத் தண்டவாளம் வேண்டும். அபாயச் செய்தியைத் தயார் செய்யவும் வேண்டும். மருந்து தண்டவாளத்தைக் கழற்றிவிடுவதால் கலவரம் அடங்குகிறது. ஆனால் அணு இரண்டாகப் பிரியவும் அதே தண்டவாளம்தான் வேண்டும். உடம்பில் மிக வேகமாகப் பிரிந்து புதுப்பிக்கப்படும் இடங்களில் ஒன்று குடலின் உள்தோல். அதனால் மருந்து கூடினால் முதலில் அடிபடுவது குடல். அடுத்து எலும்பு மஜ்ஜை. அதற்கும் அடுத்து தலைமுடியின் வேர். 1966-ல் இலங்கையிலிருந்து குணரத்ன என்ற மருத்துவர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு நிகழ்வை எழுதினார்: செங்காந்தள் கிழங்கு சாப்பிட்ட ஒருவருக்கு உடம்பில் இருந்த முடியெல்லாம் கொட்டிவிட்டது.

ஆக வயிற்றுப்போக்கு என்பது மருந்து வேலை செய்வதன் அடையாளம் இல்லை. மருந்து மிஞ்சிவிட்டது என்று குடல் அடிக்கும் மணி. அடுத்த வீடு மஜ்ஜை. மணி அடித்தால் நிறுத்தவேண்டும் என்பதில் பழைய புத்தகமும் புதிய புத்தகமும் ஒன்றே. மணி அடிக்கும் வரை போ என்றது பழையது, மணியே அடிக்காத அளவில் நில் என்கிறது புதியது. வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அது சின்ன வித்தியாசம் இல்லை.

அந்த மணியைக் கழற்றிப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கும் வரலாறு இருக்கிறது. வயிறு கெடாமல் இருக்கட்டும் என்று கோல்ச்சிசினை நேரே ரத்தக்குழாயில் ஊசியாகப் போடும் வழக்கம் அமெரிக்காவில் பல வருடம் இருந்தது. வயிறு ஓரளவு தப்பியது உண்மை. ஆனால் எச்சரிக்கையும் இல்லாமல் போயிற்று. அளவு கூடினால் நேரே மஜ்ஜையில்தான் தெரியும். 2007-ல் முதுகுவலிக்கு இந்த ஊசி போட்டுக்கொண்ட மூன்று பேர் இறந்தார்கள். மருந்து கலந்த இடத்தில் ஒரு மில்லியில் அரை மில்லிகிராம் இருக்கவேண்டிய மருந்து 4 மில்லிகிராமாக, எட்டு மடங்காகப் போயிருந்தது. 2008-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஊசியையே நிறுத்தச் சொல்லிவிட்டது.

கணக்கைத் தீர்த்து வைத்தது 2010-ல் வெளியான ஒரு அமெரிக்கச் சோதனை. டெர்கெல்டாப் என்ற மருத்துவரும் அவர் கூட்டாளிகளும் செய்தது. கவுட் வலி ஆரம்பித்து 12 மணி நேரத்துக்குள் மருந்தை ஆரம்பித்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. 184 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்குப் பழைய பாணி: முதலில் 1.2 மில்லிகிராம், பிறகு ஆறு மணி நேரம் மணிக்கு 0.6, மொத்தம் 4.8. இன்னொரு கூட்டத்துக்கு முதலில் 1.2, ஒரு மணி நேரம் கழித்து 0.6, மொத்தம் 1.8, அவ்வளவோடு சரி. மூன்றாம் கூட்டத்துக்கு வெறும் மாத்திரை. ஒருநாள் கழித்து வலி பாதியாகவாவது குறைந்தவர்கள் யார் என்று எண்ணினார்கள்.

பழைய பாணியில் நூற்றுக்கு 33 பேர். குறைந்த அளவில் நூற்றுக்கு 38 பேர். வெறும் மாத்திரையில் 16 பேர். அதாவது கூடக் கொடுத்ததில் வலி நிவாரணம் ஒரு இம்மி கூடவில்லை. வயிற்றுப்போக்கைப் பாருங்கள்: பழைய பாணியில் நூற்றுக்கு 77, குறைந்த அளவில் 23, வெறும் மாத்திரையிலேயே 14. வலி நிற்பதும் வயிறு போவதும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு சமாச்சாரம் என்று அலெக்சாண்டர் காலத்திலிருந்து கட்டிவைத்த முடிச்சு இங்கேதான் அவிழ்ந்தது.

நூற்றுக்கு 38 என்பதையும் கண்ணைத் திறந்து படிக்க வேண்டும். நூறு பேரில் 62 பேருக்கு ஒரே நாளில் வலி பாதியாகவில்லை. இது மந்திர மாத்திரை இல்லை. யூரிக் அமிலத்தை இது கரைப்பதும் இல்லை, ரத்தத்தில் அதன் அளவைக் குறைப்பதும் இல்லை. அதற்கு வேறு மருந்துகள். இது கலவரத்தை மட்டும் அடக்குகிறது. அதுவும் கலவரம் சின்னதாக இருக்கும்போது. அந்த ஓடிவரும் ஆயிரம் பேர் ஞாபகம் இருக்கிறதா? அவர்கள் வழியில் இருக்கும்போது தண்டவாளத்தைக் கழற்றினால் பலன். எல்லோரும் வந்து இறங்கிய பிறகு கழற்றினால் என்ன பலன்? 12 மணி நேர நிபந்தனை அதற்குத்தான்.

நம் பக்கத்து உதாரணம் ஒன்று வைத்துப் பார்க்கலாம். சாகுபுரம் என்றால் ஆறுமுகநேரிக்கும் காயல்பட்டினத்துக்கும் நடுவில், உப்பிலிருந்து காஸ்டிக் சோடா எடுக்கும் ஆலையும் அதன் குடியிருப்பும். அங்கே ஐம்பது வயது ஷிப்ட் தொழிலாளி ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஏற்கெனவே இரண்டு தடவை கவுட் வந்து, டாக்டர் பார்த்து, இதுதான் என்று உறுதி செய்து, அடுத்த தடவைக்கென்று கோல்ச்சிசின் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நண்டுக் குழம்பு, நெத்திலி வறுவல், சாயங்காலம் கூட்டாளிகளோடு பீர். ராத்திரி இரண்டு மணிக்குக் கட்டைவிரல் மூட்டில் குறுகுறு என்று ஒரு சூடு. முன்பு வந்தவருக்கு அந்தக் குறுகுறுப்பு நன்றாகத் தெரியும்.

இந்தியாவில் சாதாரணமாகக் கிடைப்பது 0.5 மில்லிகிராம் மாத்திரை. அவருக்கு எழுதியிருப்பதும் அதுதான். அப்போதே எழுந்து இரண்டு மாத்திரை. மூன்று மணிக்கு இன்னொன்று. மொத்தம் மூன்று, ஒன்றரை மில்லிகிராம். அதோடு அன்றைய ராத்திரி முடிந்தது. நான்கு மணிக்கு வலி இன்னும் இருந்தால் நான்காவது மாத்திரை கிடையாது. 2010-ன் பாடமே அதுதான், நான்காவதால் வலி குறையாது, வயிறுதான் போகும். ஐஸ் வைக்கலாம், காலைத் தூக்கி வைக்கலாம். மறுநாள் பிற்பகல், அதாவது 12 மணி நேரம் போன பிறகு, டாக்டர் சொல்லியிருந்தபடி ஒரு மாத்திரை, நாளுக்கு ஒன்றோ இரண்டோ, வலி முழுக்க அடங்கும் வரை சில நாள்.

செவ்வாய்க்கிழமை காலை மலம் தண்ணீராகப் போகிறது என்று வையுங்கள். மாத்திரை அங்கேயே நிற்க வேண்டும். "இன்னும் கொஞ்சம் வலி இருக்கே, இன்னொன்று போட்டுக்கலாம்" என்பதுதான் பழைய விதியின் பேய். உப்பு சர்க்கரைக் கரைசல் குடித்துவிட்டு டாக்டரிடம் போனால், மிச்ச வலிக்கு வேறு மருந்து தருவார். இரண்டாவது வாரம் வாயில் புண், காய்ச்சல், காரணமில்லாத ரத்தக்கசிவு, தசைகளில் பலவீனம் என்று வந்தால் அது வயிற்று விஷயம் இல்லை, உடனே ஆஸ்பத்திரி.

அதே குடியிருப்பில் அதே வயதில் இன்னொருவர், சிறுநீரகம் சரியில்லாதவர் என்று வையுங்கள். அவருக்கு இந்த மூன்று மாத்திரைக் கணக்கு பொருந்தாது. மருந்து வெளியேறுவதில் சிறுநீரகத்துக்கும் கல்லீரலுக்கும் பங்கு உண்டு. வெளியேறாவிட்டால் மூன்று மாத்திரை ஆறு மாத்திரை மாதிரி உடம்பில் நிற்கும். சில மருந்துகளும் அந்த வாசலை அடைத்துவிடும். தொண்டை, மார்புச் சளிக்குக் கொடுக்கப்படும் கிளாரித்ரோமைசின் அதில் மோசமானது. அதோடு சேர்ந்து கோல்ச்சிசின் எடுத்து இறந்தவர்கள் உண்டு. ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கப்படும் வெரபமில், டில்டியாசம், மாற்றுச் சிறுநீரகக்காரர்கள் எடுக்கும் சைக்ளோஸ்போரின் எல்லாம் இதே ரகம். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்வது எந்த மருந்திலும் தப்பு. இதில் கொஞ்சம் கூடுதல் தப்பு. சாதாரண அளவுக்கும் ஆபத்தான அளவுக்கும் நடுவே இடைவெளி அவ்வளவு குறைவு.

வணிகம் படிப்பவர்களுக்கு இந்தக் கதையில் இன்னொரு துண்டு பிடிக்கும். அந்த அமெரிக்கச் சோதனைக்குப் பணம் போட்டது ஒரு மருந்துக் கம்பெனி. கோல்ச்சிசின் பழைய மருந்து என்பதால் அமெரிக்காவில் முறைப்படி அங்கீகாரம் இல்லாமலேயே பலர் தயாரித்து விற்று வந்தார்கள், மாத்திரை 9 சென்ட். சோதனை முடிவைக் காட்டி அந்தக் கம்பெனி 2009-ல் அங்கீகாரம் வாங்கியது, சட்டப்படி மூன்று வருடத் தனியுரிமையும் கிடைத்தது. மாத்திரை விலை 4.85 டாலர் ஆனது. ஐம்பது மடங்குக்கும் மேல்! மற்றவர்களின் அங்கீகாரமில்லாத மாத்திரைகளைச் சந்தையிலிருந்து அப்புறப்படுத்தினார்கள். சோதனையால் கிடைத்த அறிவு, கவுட் வருகிறவர் மூன்று மாத்திரையோடு நிறுத்தலாம் என்பது. அதே சோதனையால் கிடைத்த விலை, அந்த மூன்றையும் வாங்க யோசிக்க வைப்பது. வயிற்றுக்கு நல்லது, பர்ஸுக்கு இல்லை.

அந்த 4.85 டாலரின் எதிர்முனையில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால் மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கத்து விவசாயிகள். கிழங்கைவிட விதையில் கோல்ச்சிசின் அதிகம் என்பதால் இங்கே விதைக்காகத்தான் செங்காந்தளைப் பயிரிடுகிறார்கள். பந்தல் போட்டுக் கொடியை ஏற்றி, பூத்ததும் வண்டு வரும் என்று காத்திராமல் ஆள் வைத்து ஒவ்வொரு பூவுக்கும் கையாலேயே மகரந்தம் தொட்டு வைப்பார்கள், அப்போதுதான் காய் நன்றாகப் பிடிக்கும். விதை வெளிநாட்டுக்குப் போகிறது. விலையை முடிவு செய்வது வியாபாரிகள். ஒரு வருடம் ஏறும், அடுத்த வருடம் பாதியாக விழும், நல்ல விலை வரட்டும் என்று மூட்டையை வீட்டிலேயே வைத்துக் காத்திருப்பவர்கள் உண்டு. அந்த மூட்டை இருக்கும் அறைக்குள் குழந்தைகளை விடமாட்டார்கள்.